ஒரே 14 லட்சம், மூன்று அப்ரைசல் விதிகள்: ஆஃபரை ஏற்கும் முன் ரெக்ரூட்டரிடம் எதைக் கேட்பது?

சென்னையில் 5 ஆண்டு அனுபவமுள்ள ஒரு டெஸ்டிங் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். கையில் மூன்று ஆஃபர்கள். மூன்றிலும் ஃபிக்ஸட் சம்பளம் 14 லட்சம், சேரும் தேதி 2025 நவம்பர் 3. வீட்டில் யாரைக் கேட்டாலும் "எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் சேர்ந்துவிடு" என்பார்கள். மூன்றுக்கும் இருக்கும் வித்தியாசம் அப்ரைசல் விதியில் ஒளிந்திருக்கிறது. ஆஃபர் லெட்டரில் அது "கம்பெனி பாலிசியின்படி" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். கேட்டால்தான் தெரியும்.

முதல் நிறுவனத்தில் ஏப்ரல் சுழற்சி. செப்டம்பர் 30க்குள் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே வரும் ஏப்ரலில் இன்க்ரிமென்ட் உண்டு, மற்றவர்கள் அதற்கடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். இதைக் கட்-ஆஃப் என்பார்கள். இரண்டாவதிலும் ஏப்ரல்தான், ஆனால் கட்-ஆஃப் இல்லை. வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்ற விகிதத்தில், அதாவது ப்ரோ-ரேட்டாவாக, உயர்வு கிடைக்கும். மூன்றாவதில் அவரவர் சேர்ந்த மாதம் வரும்போது அவரவருக்கு அப்ரைசல்.

மூன்றிலும் ஆண்டு உயர்வு 8% என்று எடுத்துக்கொண்டு 2028 மார்ச் வரை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் நிறுவனத்தில் முதல் உயர்வு 2027 ஏப்ரலில்தான். 17 மாதம் அதே 14 லட்ச விகிதத்தில் ஓடும், பிறகு 15.12 லட்சம். 29 மாதங்களில் மொத்தச் சம்பளம் சுமார் 34.95 லட்சம். இரண்டாவதில் 2026 ஏப்ரலிலேயே 5 மாதத்துக்கான உயர்வாக 3.33% கிடைத்துவிடும், அடுத்த ஏப்ரலில் முழு 8%. மொத்தம் சுமார் 35.92 லட்சம். மூன்றாவதில் 2026 நவம்பர், 2027 நவம்பர் என்று இரண்டு முழு உயர்வுகள். மொத்தம் அதே 35.92 லட்சம்.

ப்ரோ-ரேட்டா என்றாலே "3% தானா" என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். அது தேவையில்லாத வருத்தம். சேர்ந்த மாத அப்ரைசலும் ப்ரோ-ரேட்டாவும் பணத்தில் ஒன்றுதான். பாதகமானது கட்-ஆஃப் மட்டுமே, அதன் விலை இங்கே சுமார் 97 ஆயிரம் ரூபாய். இதைத் தெரிந்துகொண்டால் பேரம் பேசக் கையில் ஒரு எண் இருக்கும். முதல் நிறுவனம் 14.40 லட்சம் கொடுத்தால்தான் அது மற்ற இரண்டின் 14 லட்சத்துக்குச் சமம். "கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்" என்று கேட்பதை விட, "என் முதல் உயர்வு 17 மாதம் கழித்து வருகிறது, அதை ஈடுகட்ட ஆண்டுச் சம்பளத்தில் 40 ஆயிரம் சேர்க்க முடியுமா" என்று கேட்பது ரெக்ரூட்டருக்கும் மேலே எடுத்துச் சொல்ல வசதியானது. அவர் காம்பன்சேஷன் குழுவிடம் ஒப்புதல் வாங்க ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை நாம் கொடுக்கிறோம்.

சேரும் தேதி கட்-ஆஃப்பை ஒட்டி வருகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 90 நாள் நோட்டீஸ் அக்டோபர் 6இல் முடிகிறது, கட்-ஆஃப் செப்டம்பர் 30 என்றால், அந்த ஒரு வாரம் ஒரு முழு ஆண்டு உயர்வைத் தின்றுவிடும். 14 லட்சத்தில் அது 1.12 லட்சம். பழைய மேலாளரிடம் ஒரு வாரம் முன்னதாக விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம், அல்லது அந்த நாட்களுக்கான நோட்டீஸ் பணத்தைக் கட்டிவிட்டு வரலாம். அடிப்படைச் சம்பளத்தில் பிடிப்பார்களா மொத்தச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எப்படிப் பிடித்தாலும் ஒரு வாரத்துக்கு 1.12 லட்சம் ஆகாது.

இந்தக் கணக்கெல்லாம் உயர்வு சொன்ன மாதத்தில் வந்தால்தான். "ஏப்ரலில் ஹைக்" என்று ரெக்ரூட்டர் சொல்வது பெரும்பாலும் அமலாகும் தேதி. லெட்டர் மே, ஜூன், சில இடங்களில் ஜூலையில் வரும், இடைப்பட்ட மாதங்களுக்கு அரியர்ஸ் வரும். அமலாகும் தேதியே நகர்வதும் உண்டு. டிசிஎஸ் 2025இல் ஏப்ரல் உயர்வைத் தள்ளிவைத்து, பெரும்பாலான ஊழியர்களுக்குச் செப்டம்பரிலிருந்து கொடுத்தது. இன்ஃபோசிஸில் 2023 நவம்பருக்குப் பிறகு அடுத்த உயர்வு 2025 ஜனவரி, ஏப்ரல் என்று இரண்டு கட்டமாக வந்தது. அதனால் "ஹைக் எப்போது" என்று கேட்டு நிறுத்திவிடக் கூடாது. "கடந்த இரண்டு ஆண்டில் உயர்ந்த சம்பளம் எந்த மாதத்தில் கணக்கில் ஏறியது, அரியர்ஸ் கொடுத்தார்களா" என்று கேட்க வேண்டும். நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்வது கடினம்.

இன்க்ரிமென்ட்டை விடப் பெரிய தொகை ப்ரோமோஷனில் இருக்கிறது. வழக்கமான உயர்வுக்கு மேல் 10% தரும் ப்ரோமோஷன் ஓராண்டு தள்ளிப்போனால், 15.12 லட்சக்காரருக்கு அந்த ஓராண்டில் மட்டும் ஒன்றரை லட்சம் போகும். இங்கே "தகுதி அடிப்படையில்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளவே கூடாது. என்னை எந்த பேண்டில், அதாவது எந்தப் பதவி நிலையில், வைக்கிறீர்கள், அந்த பேண்டில் குறைந்தது எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், அது சேர்ந்த நாளிலிருந்து கணக்கா முதல் முழுச் சுழற்சியிலிருந்து கணக்கா என்று கேளுங்கள். இரண்டு முழுச் சுழற்சி வேண்டும் என்கிற இடத்தில் நவம்பரில் சேர்ந்தவரின் முதல் 5 மாதம் எண்ணிக்கைக்கே வராது. ரேட்டிங் போதுமா, மேல் பேண்டில் காலியிடமும் இருக்க வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். காலியிடம் வேண்டும் என்றால் நல்ல ரேட்டிங் வாங்கியவர்கூட வரிசையில் நிற்க நேரும்.

பேண்டைக் கேட்பதில் இன்னொரு பயன் உண்டு. பல நிறுவனங்களில் பேண்டின் மேல் எல்லையை நெருங்கியவர்களுக்கு அதே ரேட்டிங்குக்குக் குறைவான சதவீதம்தான் தருவார்கள். நாம் பேரம் பேசி வாங்கும் 14.40 லட்சம் அந்த எல்லைக்கு அருகில் இருந்தால் 8% என்ற கணிப்பு பொய்த்துவிடும். அப்படியானால் சம்பளத்தைக் கூட்டக் கேட்காமல், இழக்கும் 97 ஆயிரத்தை ஜாயினிங் போனஸாகக் கேட்பது நல்லது. ஆனால் ஓராண்டுக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டியிருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்பது? வெளி கன்சல்டன்சி ஆளிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்குச் சம்பளத் தொகைக்கு மேல் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. சுழற்சி, கட்-ஆஃப், பேண்ட் ஆகியவற்றை நிறுவனத்தின் சொந்த ரெக்ரூட்டரிடம் கேளுங்கள். ப்ரோமோஷனை மட்டும் நம்மை எடுக்கும் மேலாளரிடம் கேட்பேன் நான்: "உங்கள் டீமில் கடைசியாக இந்த பேண்டிலிருந்து மேலே போனவருக்கு எவ்வளவு காலம் ஆனது?" ரெக்ரூட்டர் விதியைச் சொல்வார், மேலாளர் நடப்பைச் சொல்வார். இரண்டும் பொருந்தவில்லை என்றால் நடப்பை நம்புங்கள்.

கேட்கும் நேரம், தொகை வாய்மொழியாக முடிவான பிறகு, நாம் சம்மதம் அனுப்புவதற்கு முன்பு. போனில் பேசிவிட்டு அன்றே மூன்று வரியில் மெயில் போடுங்கள்: "நாம் பேசியபடி, நவம்பர் 3இல் சேர்ந்தால் என் முதல் இன்க்ரிமென்ட் 2026 ஏப்ரலில் ப்ரோ-ரேட்டாவாக வரும் என்று புரிந்துகொண்டேன். சரிதானா?" ஆம் என்று வரும் பதில் ஒப்பந்தம் ஆகாது, பாலிசியை மாற்றும் உரிமையை நிறுவனங்கள் வைத்துக்கொள்ளும். ஆனாலும் ஏப்ரலில் எச்ஆரிடம் போய் நிற்கும்போது காட்ட அது இருக்கும். எழுத்தில் கேட்டதும் போனில் சொன்ன பதில் மாறுகிறது என்றால், அந்த ஆஃபரைக் கட்-ஆஃப் உள்ள நிறுவனமாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள்.