பைத்தான் லிஸ்டின் ஒரு பகுதியைத் திருப்பி எடுக்க: ஒரே ஸ்லைஸா, இரண்டு ஸ்லைஸா?

லிஸ்டின் நடுவிலிருந்து ஒரு பகுதியைப் பின்னிருந்து முன்னாக எடுக்கப் பைத்தானில் இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. மைனஸ் ஸ்டெப் கொடுத்து ஒரே ஸ்லைஸில் முடிப்பது ஒன்று. முதலில் வேண்டிய பகுதியை நேர்வரிசையில் வெட்டிக்கொண்டு, பிறகு அதைத் திருப்புவது மற்றொன்று. புதிதாகக் கற்பவர்கள் முதல் வழியையே கச்சிதமானதாகக் கருதுகிறார்கள். ஒன்று கூடியோ குறைந்தோ வரும் பிழைகள் மிகுதியாக நுழைவதும் அந்த வழியில்தான்.

```python
a = [10, 20, 30, 40, 50, 60, 70]
a[2:5]          # [30, 40, 50]
a[4:1:-1]       # [50, 40, 30]
a[2:5][::-1]    # [50, 40, 30]
```

பின்னிரண்டு வரிகளின் விடையும் ஒன்றே. ஆனால் அவற்றை எழுதும்போது தலைக்குள் நடக்கும் கணக்கு ஒன்றல்ல. ஸ்லைஸில் தொடக்க இண்டெக்ஸ் சேர்த்தி, முடிவு இண்டெக்ஸ் சேராது என்பது விதி. ஸ்டெப் மைனஸாக இருந்தாலும் இந்த விதி மாறுவதில்லை. ஆகவே `2:5` என்பதன் எண்களை இடம் மாற்றி `a[5:2:-1]` என்று எழுதினால் 5 உள்ளே வந்துவிடுகிறது, 2 வெளியே போய்விடுகிறது, கிடைப்பது `[60, 50, 40]`. எதிர்பார்த்தபடியே மூன்று உறுப்புகள் இருப்பதால், நீளத்தை மட்டும் சரிபார்ப்பவர் இந்தப் பிழையைக் கவனிக்கவே மாட்டார். சரியான வடிவம் வேண்டுமானால் இரண்டு எல்லைகளிலிருந்தும் ஒன்றைக் கழிக்க வேண்டும்: நேர்வரிசையில் `i:j` என்பது திரும்பும்போது `j-1:i-1:-1` ஆகிறது.

இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டவர்களும் `i` பூஜ்யமாகும் இடத்தில் தடுமாறுகிறார்கள். முதல் மூன்று உறுப்புகளைத் திருப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். `i` 0, `j` 3, சூத்திரப்படி `a[2:-1:-1]`. விடை `[]`. பூஜ்யத்துக்கு முந்தைய இடம் என்ற எண்ணத்தில் நாம் எழுதிய -1 என்ற எண்ணைப் பைத்தான் கடைசி உறுப்பின் இண்டெக்ஸாக எடுத்துக்கொள்கிறது. அதாவது நீளமான 7 கூட்டப்பட்டு -1 என்பது 6 ஆகிவிடுகிறது. இரண்டிலிருந்து கீழ்நோக்கிப் போய் ஆறை அடைய முடியாது என்பதால் வெற்று லிஸ்ட் வருகிறது. இதைச் சரிசெய்வதாக எண்ணி `a[2:0:-1]` என்று எழுதினால் `[30, 20]` மட்டுமே கிடைத்து, 10 விடுபட்டுப்போகும். எல்லையை எழுதாமல் விடும் `a[2::-1]`, அல்லது அதே பொருள் தரும் `a[2:None:-1]`, இவைதான் இங்கே சரி.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க `indices` என்ற மெத்தட் உதவுகிறது. லிஸ்டின் நீளத்தைக் கொடுத்தால், ஸ்லைஸின் மூன்று எண்களும் இறுதியில் எப்படி மாறுகின்றன என்று அது காட்டிவிடும்.

```python
slice(2, -1, -1).indices(7)    # (2, 6, -1)
slice(2, None, -1).indices(7)  # (2, -1, -1)
```

இரண்டாம் வரியின் விடையில் -1 வருவதைப் பார்த்து, அதையே மீண்டும் ஸ்லைஸுக்குள் எழுதலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மூன்று எண்களும் `range` என்பதற்கு உரியவை. `range(2, -1, -1)` என்பதில் -1 வெறும் எண். அதனால் 2, 1, 0 என்று மூன்று மதிப்புகளும் சரியாக வரும். ஸ்லைஸில் அதே -1 லிஸ்டின் கடைசி இடம். `for` லூப்பில் `range` எழுதிப் பழகிய கை, ஸ்லைஸிலும் அதையே எழுதிவிடுவதுதான் இந்தத் தவறின் வேர் என்பது என் கணிப்பு.

எல்லா நிலைக்கும் பொருந்தும் ஒற்றை ஸ்லைஸ் வேண்டும் என்றால், இரண்டு எல்லைகளிலிருந்தும் நீளத்தையும் சேர்த்துக் கழிக்கலாம்: `n = len(a)` என்றால் `a[j-1-n:i-1-n:-1]`. மேலே பார்த்த கணக்கில் இது `a[-5:-8:-1]` ஆகி, `[30, 20, 10]` என்ற சரியான விடையைத் தருகிறது. சரியானதுதான், ஆனால் ஆறு மாதம் கழித்து இந்த வரியைப் படிப்பவர் காகிதம் எடுத்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும். `a[i:j][::-1]` என்பதில் அந்தப் பாடு இல்லை. `i` பூஜ்யமானாலும், `i`, `j` இரண்டும் சமமாகி வெற்று லிஸ்ட் வர வேண்டியிருந்தாலும், அது எழுதியபடியே சரியாக நடந்துகொள்கிறது.

ஸ்டெப் 1-ஐத் தாண்டும்போது வேறுபாடு இன்னும் நுட்பமாகிறது. `a[::2]` தரும் உறுப்புகளைத் தலைகீழாகப் பெற `a[::-2]` போதும் என்று பலர் நம்புகிறார்கள். நம் லிஸ்டில் சோதித்தால் `[70, 50, 30, 10]` என்று சரியாகவே வருகிறது. நீளம் 7, அதாவது ஒற்றைப்படை, என்பதால் அமைந்த பொருத்தம் அது. கடைசி உறுப்பை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

```python
b = a[:6]       # [10, 20, 30, 40, 50, 60]
b[::2][::-1]    # [50, 30, 10]
b[::-2]         # [60, 40, 20]
```

`b[::-2]` கடைசி உறுப்பிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. `b[::2]` முதல் உறுப்பிலிருந்து. நீளம் இரட்டைப்படையானால் இரண்டுக்கும் பொதுவாக ஓர் உறுப்புகூடக் கிடையாது. இத்தகைய வரிகளை ஒற்றைப்படை நீளத்தில் ஒருமுறை, இரட்டைப்படை நீளத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவசியம். எல்லை தவறிய ஸ்லைஸ் `IndexError` எதையும் எழுப்பாமல் தவறான லிஸ்டை அமைதியாகத் திருப்பித் தருவதால், தவறைச் சொல்ல வேறு எவரும் இல்லை.

இரண்டு ஸ்லைஸ் வழிக்கு உள்ள செலவையும் சொல்ல வேண்டும். முதல் வெட்டில் ஒரு நகல், திருப்பும்போது இன்னொரு நகல். சில ஆயிரம் உறுப்புகளுக்கு இது பொருட்டே அல்ல. பெரிய லிஸ்டை லூப்பில் வரிசையாகப் படிக்க மட்டுமே வேண்டும் என்றால், பைத்தான் 2.4-இல் வந்த `reversed` கொண்டு `reversed(a[i:j])` என்று எழுதலாம். ஒரு நகலோடு போயிற்று. அந்த ஒன்றும் வேண்டாம் என்பவர் `range(j-1, i-1, -1)` எழுதி இண்டெக்ஸ் வழியாகப் படிக்கலாம். `i` பூஜ்யமானாலும் இதில் சிக்கல் இல்லை.

ஒற்றை ஸ்லைஸை விட்டால் வேறு வழி வசதிப்படாத இடம் மதிப்பளிப்பு. `a[4:1:-1] = [1, 2, 3]` என்றால் `a` மாறுகிறது: இண்டெக்ஸ் 4-இல் 1, 3-இல் 2, 2-இல் 3. `a[2:5][::-1] = [1, 2, 3]` என்றாலும் பிழைச் செய்தி வராது, ஆனால் மாறுவது முதல் வெட்டில் உருவான நகல்; `a` அப்படியே இருக்கும். மேலும், மைனஸ் ஸ்டெப் உள்ள ஸ்லைஸுக்கு மதிப்பளிக்கும்போது இரு பக்கமும் எண்ணிக்கை பொருந்த வேண்டும். எல்லையில் ஒன்று குறைத்து `a[4:2:-1] = [1, 2, 3]` என்று எழுதினால், படிக்கும்போது மௌனமாக இருந்த பைத்தான் இங்கே `ValueError` எழுப்பி, மூன்று உறுப்புகளை இரண்டு இடங்களில் வைக்க முடியாது என்று நிறுத்திவிடும்.