நீர்க்காகமா, தாழையா, நாலாம் சாமமா? டைட்டில் கார்டில் நிற்கும் பெயர் எது?

நண்பர் ஒருவர் படக் கம்பெனி தொடங்குகிறார். பெயர் தேடியதில் மூன்று மிஞ்சின: நீர்க்காகம் ஃபிலிம் மேக்கர்ஸ், தாழை, நாலாம் சாமம். மூன்றுக்குமே பொருள் நன்றாக இருந்ததால் பொருளை ஒதுக்கிவிட்டு வெறும் எழுத்தாகப் பார்த்தோம். கறுப்புத் திரையில் தனியாக ஒருமுறை, போஸ்டரின் உச்சியில் ஒருமுறை, போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் ஒருமுறை.

அசையும் லோகோவுக்கு நீர்க்காகத்தை மிஞ்ச ஆளில்லை. பறவை முங்குகிறது, தண்ணீர் அடங்குகிறது, பெயர் மேலே வருகிறது. நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 96 ஃபிரேமில், அதாவது நாலு நொடியில், முடிந்துவிடும். காலை வாரியது போஸ்டரின் அடிப்பகுதி. அங்கே கலைஞர்கள் பெயரெல்லாம் ஒடுங்கி உயர்ந்த எழுத்தில் நெருக்கி நிற்கும். இந்தப் பெயரில் மட்டும் ஏழு புள்ளிகள், கூடவே ஓர் ஆய்தம். எழுத்து சிறுத்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். ‘ர்’ புள்ளியை இழந்தால் துணைக்கால் போலத் தெரியும். ‘நீர்க்காகம்’ என்பதைக் கண் ‘நீாககாகம’ என்று தடுமாறிப் படிக்கும். போஸ்டரை மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி ஃபோனில் பார்த்தோம். ‘மேக்கர்ஸ்’ வெறும் கோடாகத்தான் தெரிந்தது.

‘ஃபிலிம் மேக்கர்ஸ்’ என்ற வாலை வெட்டினால் பாதிக் கஷ்டம் தீரும். பதிவு செய்த முழுப் பெயர் காப்புரிமை வரியில் இருக்கட்டும், திரையில் ‘நீர்க்காகம்’ மட்டும் வரட்டும் என்று யோசித்தோம். அப்போதும் மூன்று புள்ளிகள் மிச்சம்.

தாழையில் புள்ளியே இல்லை. போஸ்டர் மூலையில் நகக்கண் அளவுக்கு வைத்தாலும் படிக்க முடிகிறது, ழகரத்தின் வால் கீழே இறங்குவதால் முத்திரை போன்ற ஓர் உருவமும் கிடைக்கிறது. ஆனால் ‘வழங்கும்’ சேர்ந்ததும் சிக்கல். ‘தாழை வழங்கும்’ என்பதைக் கம்பெனிப் பெயராக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை; அடுத்து வரும் படத்தின் தலைப்போடு ஒட்டி ஒரே வாக்கியமாகப் படித்தார்கள். ‘வழங்கும்’ என்பதை அடுத்த கார்டுக்குத் தள்ளினால்தான் சரியாகிறது. ரோமன் எழுத்தில் நிலைமை இன்னும் மோசம். THAAZHAI என்று எழுதினால் தமிழ் தெரியாதவருக்கு ZH எந்த ஒலி என்றே தெரியாது. இரண்டெழுத்துப் பெயர் எட்டெழுத்தாக நீண்டும் விடுகிறது. அமெரிக்காவின் A24 இந்தத் தொல்லையே இல்லாத பெயர். இத்தாலிய நெடுஞ்சாலை ஒன்றின் எண் அது. எந்த ஊர் போஸ்டரிலும் அதே மூன்று குறிகள்தான்.

நாலாம் சாமம் எழுத்தளவில் அமைதியானது. மேலே கொம்பு இல்லை, கீழே வால் இல்லை, புள்ளி இரண்டே. இரண்டு வரியாக அடுக்கினால் இரண்டும் ‘ம்’ என்று முடிந்து வலப்பக்கம் நேர்கோடாக நிற்கின்றன. அகலத்திரையில் ஒரே வரியாக நீட்டினாலும் தட்டையான பட்டைபோல அழகாகப் படுக்கிறது. இருட்டிலிருந்து மெல்ல வெளுக்கும் திரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரும் வேண்டாம்.

இதற்கும் ஒரு பள்ளம் உண்டு, அதில் நாங்கள் விழுந்தும் பார்த்தோம். டிசைனர் ஆங்கில டைட்டில்களில் பழகியவர், எழுத்துகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விட்டார். துணைக்கால்கள் மூன்றும் தத்தம் எழுத்தைவிட்டுப் பிரிந்து ‘ந ர ல ர ம்’ என்று நின்றன. எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் அனிமேஷனிலும் அதேதான்: முதலில் ‘ந’ வந்தது, பிறகு தனியே ஒரு கால். தாழையில் இன்னும் விசித்திரம், ஐகாரக் கொம்பு முதலில் வந்து ழகரத்துக்காகக் காத்திருந்தது. ‘நா’, ‘ழை’ போன்றவற்றைத் தனித்தனி லேயராகப் பிரித்து, இடைவெளியை அவற்றுக்கு நடுவே மட்டும் விட்ட பிறகே இரண்டும் உருப்பட்டன.

ரோமனில் NAALAAM SAAMAM, பதின்மூன்று எழுத்தில் ஏழு A. சாய்கோடுகளுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் தெரிகிறது. A-க்களைக் குறைக்கலாமே என்றார் நண்பர். NALAM SAMAM என்றால் ‘நலம் சமம்’ ஆகிவிடும், அதனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

என் ஓட்டு நாலாம் சாமத்துக்கு. பார்க்கப்போகிறவர்கள் தமிழர்கள் என்பதால் தமிழ் எழுத்தே லோகோவாக இருக்கட்டும், ரோமன் வடிவம் அதன் அடியில் சின்ன வரியாகப் போகட்டும் என்றேன். முதல் படமே வெளிநாட்டு விழாக்களுக்குப் போவதாக இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன், நீர்க்காகத்தை வாலில்லாமல் எடுத்திருப்பேன். NEERKAAGAM ஓரளவுக்காவது வாயில் வரும். நண்பர் இன்னும் தாழையை விடவில்லை. நாளை மூன்று கார்டையும் விவரம் தெரியாத நாலு பேருக்கு நாலே நொடி காட்டி, பார்த்ததை எழுதித் தரச் சொல்லப் போகிறோம்.