மின்ட்பை + சென்டினல்-1, மெக்சிகோ சிட்டி: வரைபடத்தில் ஓட்டை விழும் இடம்

"இலவசத் தரவு, இலவச மென்பொருள், மெக்சிகோ சிட்டிக்கு நம்பலாமா?" என்று நண்பர் கேட்டார், தரை இறக்கத்தை அளக்க உதவும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களையும் மின்ட்பை மென்பொருளையும் பற்றி. நம்பலாம். ஒரே ஒரு எரிச்சல் மட்டும் தீரவே இல்லை.

பழைய ஏரிக் களிமண் மேல் நிற்கும் நகரம். அடியில் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச களிமண் நசுங்குகிறது, திரும்ப எழும்புவதில்லை. ஏரிப்படுகையின் சில பகுதிகள் வருடத்துக்கு 40 செ.மீ.க்கு மேல் இறங்குகின்றன. இடையில் செரோ தெ லா எஸ்ட்ரெய்யா போன்ற எரிமலைக் குன்றுகள் அசையாமல் நிற்கின்றன. சிக்கல் அந்த அடிவாரத்தில்தான்.

வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களை ஜோடியாக வைத்துத்தான் இறக்கத்தை அளக்கிறோம். கணக்கு இதுதான். 40 செ.மீ. வேகத்தில் 12 நாளில் 1.3 செ.மீ. இறக்கம். ரேடார் 39° சாய்வில் பார்ப்பதால் அதற்குத் தெரிவது 1.02 செ.மீ. அலைநீளம் 5.55 செ.மீ. என்பதால் பக்கத்துப் புள்ளியோடு வித்தியாசம் 1.39 செ.மீ.க்குள் இருந்தால்தான் அன்ராப்பிங், அதாவது எத்தனை முழுச் சுற்று என்று கண்டுபிடிப்பது, சரியாக வரும். 12 நாள் ஜோடி தப்பிக்கிறது. 24 நாள் ஜோடியில் உண்மை 2.04, ஒரு சுற்று, அதாவது 2.77, தொலைந்து −0.73 என்று வருகிறது. தரை மேலே வந்ததாம்!

இரண்டு வகை ஜோடியையும் சம எடையில் சேர்த்து, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே இறக்கத்தைத் தேடும் இன்வெர்ஷன் ஓட்டினால் விடை 12 நாளுக்கு சுமார் −0.09 செ.மீ. நகரத்திலேயே வேகமாக இறங்கும் இடம் அசையாமல் நிற்பதாகக் காட்டுகிறது. ஜோடிகள் ஒன்றோடொன்று முரண்படுவதால் ஜோடிகள் விடையோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் டெம்போரல் கோஹெரன்ஸ் 0.3 அளவுக்கு விழுகிறது, 0.7 வரம்பு அந்தப் புள்ளியை வெட்டிவிடுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் பார்ப்பவர் "அங்கே தரவு சரியில்லை" என்று கடந்துவிடுகிறார். வரைபடத்தை நிரப்ப வரம்பைக் குறைப்பவர் கதை இன்னும் மோசம்.

இதற்கென்றே வைத்திருக்கும் திருத்தம்:

```
mintpy.unwrapError.method = bridging+phase_closure
```

இதில் பிரிட்ஜிங், தனித்தனியாக அன்ராப் ஆன தீவுகளுக்கு இடையே வித்தியாசம் அரைச் சுற்றுக்குள் என்று எடுத்துக்கொள்கிறது. குன்றடிவாரத்தில் 24 நாள் ஜோடிக்கு அதுதான் பொய். அங்கே `phase_closure` மட்டும் வைத்தாலும் கண்மூடி நம்பாதீர்கள்; அது சரியான 12 நாள் ஜோடியையே மாற்றிவிடக்கூடும். `numTriNonzeroIntAmbiguity.h5` கோப்பைத் திறந்தால், இரண்டு 12 நாள் ஜோடியும் ஒரு 24 நாள் ஜோடியும் சேர்ந்த முக்கோணங்களில் கணக்கு ஒத்துவராதவற்றின் எண்ணிக்கை, குன்றைச் சுற்றி மோதிரம் போல ஏறியிருக்கும். அதுவே சாட்சி.

24 நாள் ஜோடிகளைத் தூக்கிவிடலாமே என்றால், முக்கோணமே இருக்காது; கோஹெரன்ஸ் எல்லா இடத்திலும் 1 என்று பல்லைக் காட்டும், பிழை கண்ணுக்கே தெரியாது. அதனால் முதலில் இரண்டையும் வைத்து மோதிரத்தைக் கண்டுபிடித்து, பிறகு 12 நாள் ஜோடிகளை மட்டும் வைத்து ஓட்டி, செயற்கைக்கோள் எதிர்த்திசையில் போகும் பாதையின் படங்களோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. இந்தக் களிமண் இறக்கம் ஏறக்குறைய நேர்க்கோடு, நடுவே 2.8 செ.மீ. படி வந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு படம் விடுபட்டாலும் அந்த இடைவெளி 24 நாளாகி, அதே கூத்து.

மற்றதெல்லாம் அருமை, ஆவணங்கள் தெளிவு, ஒரு பைசா செலவில்லை. இருந்தும் அடிவாரத்தில் வீடு வாங்கப்போகிறவருக்கு இந்த வரைபடத்தைக் காட்டாதீர்கள்.