சாதி, மதம், வருமானம்: கேள்வித்தாளில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

ஓர் ஊராட்சியில் 300 வீடுகளில் குடிநீர் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். எந்தத் தெருக் குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது, யாருக்கு வருவதில்லை என்பதுதான் எங்கள் கேள்வி. முதல் வரைவில் பெயர், வயது, சாதி, மதம், மாத வருமானம், கல்வி, தொழில் எல்லாம் முதல் பக்கத்திலேயே வரிசையாக இருந்தன. ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லாக் கேள்வித்தாளிலும் அப்படித்தான் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு வேலை செய்தோம். கடைசியில் அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளை, எண்கள் இல்லாமல் வெறும் கட்டங்களாக முன்பே வரைந்தோம். எந்தக் கேள்விக்கு அந்தக் கட்டங்களில் இடம் இல்லையோ அது நீங்கியது. தொழில் போனது, கல்வி போனது. சாதியும் வருமானமும் நின்றன. மதம் இழுபறியில் இருந்தது.

வருமானம்: நேரடித் தொகையா, பிரித்துக் கேட்பதா, வீட்டுப் பொருளா?

"மாசம் எவ்வளவு வருமானம்?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று முழு எண்களாக வந்து குவியும். 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதத்துக்குப் பிரித்தால் அது சுமார் 20,800 ரூபாய். கையில் தாளோடு வந்து வருமானம் கேட்பவரைப் பார்த்ததும், தொகை நின்றுவிடுமோ என்ற பயம் வருவது இயல்பு. அதனால் பதில் கீழே இறங்கும்.

பிரித்துக் கேட்டால் படம் மாறுகிறது. முன்னோட்டத்தில் ஒரு கொத்தனார் வீட்டில் முதலில் வந்த பதில் "பத்தாயிரம்". போன 30 நாளை மட்டும் நினைத்துப் பார்க்கச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டோம். அவருக்கு 14 நாள் வேலை, நாளுக்கு 900, ஆக 12,600. மனைவிக்கு நடவு வேலை 8 நாள், நாளுக்கு 350, ஆக 2,800. பால் சொசைட்டியில் கிடைத்தது 4,500, தீவனச் செலவு 1,800 போக 2,700. திருப்பூரில் இருக்கும் மகன் அனுப்பியது 5,000. கூட்டினால் 23,100. அவர் பொய் சொல்லவில்லை. வருமானம் என்றதும் தன் கைக்கு வந்த கூலியைத்தான் நினைத்தார், அதிலும் வேலை குறைந்த மாதத்தை.

ஆனால் இதற்கு 12 நிமிடம் ஆனது. எங்கள் முழுக் கேள்வித்தாளுக்கே 20 நிமிடம்தான் ஒதுக்கியிருந்தோம். கடன், ஊட்டச்சத்து போன்றவற்றை ஆராய்பவர்களுக்கு அந்த 12 நிமிடம் தேவை. எங்களுக்கு வேண்டியது, குழாய் வராதபோது கேன் தண்ணீர் வாங்கச் சக்தி உள்ள வீடு எது, இல்லாத வீடு எது என்ற வேறுபாடு மட்டுமே.

அதனால் மூன்றாவது வழிக்குப் போனோம்: வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் வருமானம் கேட்காமல் இப்படிப் பொருள்களை வைத்தே வீடுகளைத் தரம் பிரிக்கிறது. இதில் நம் மாநிலத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. டிவி, மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் அரசே இலவசமாகக் கொடுத்தவை. அவற்றால் ஏழை வீட்டைப் பிரித்தறிய முடியாது. அரிசி வாங்கும் ரேஷன் கார்டும் வசதியானவர்களிடமே இருக்கிறது. நாங்கள் வைத்துக்கொண்டது ஃபிரிட்ஜ், பைக், சொந்த போர் மோட்டார், கூரை வகை, அத்துடன் போன மாதம் தண்ணீருக்குச் செய்த செலவு. யாரும் தயங்கவில்லை. எங்கள் வேலைக்கு இதுவே சரியான தேர்வு.

சாதி: பெயரா, பிரிவா, தெருவா?

சாதிப் பெயரை அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வது முதல் வழி. 2011 சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் அப்படித்தான் செய்தார்கள். வந்து சேர்ந்தவை 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் என்று ஒன்றிய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 1931-இல் எண்ணப்பட்ட சாதிகள் 4,147தான். பட்டப்பெயர், குலப்பெயர், எழுத்து வேறுபாடு எல்லாம் தனித்தனிச் சாதியாகிவிட்டன. 300 வீட்டுக் கணக்கில்கூட இந்தத் தலைவலி வரும். அதற்கு மேல், பெயரைக் கேட்டால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பவரிடமே கேள்வி திரும்பி வரும். அதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்து மிச்சப் பதில்கள் மாறும்.

கேட்காமல் தெருவை வைத்தே முடிவு செய்துவிடலாம் என்றார் எங்களில் ஒருவர். தண்ணீர் தெருவாரியாகத்தான் போகிறது என்பதால் இதில் நியாயம் இருந்தது. ஆனால் ஊர்த்தெருவில் வாடகைக்கு இருக்கும் பட்டியல் சாதிக் குடும்பத்துக்கு நேர்வதுதான் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியது. அது இந்த வழியில் மறைந்துபோகும். தவிர, யாரையும் கேட்காமல் அவர் சாதியை நாமே ஊகித்து எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

எனவே பிரிவு. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று அட்டையில் அச்சிட்டு, எண்ணைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேதான் மதம் குறுக்கே வந்தது. கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் சான்றிதழ்ப்படி பி.சி. பட்டியல் சாதித் தகுதியை 1950 ஆணை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் இல்லை. ஆக "என்ன பிரிவு?" என்று மட்டும் கேட்டால் தலித் கிறிஸ்தவர் பி.சி. கட்டத்தில் போய் விழுவார். குழாயடியில் அவரை யாரும் பி.சி.யாக நடத்துவதில்லை.

மதத்தையும் கேட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. கிறிஸ்தவ நாடாரும் பி.சி.தான், இருவரும் ஒரே கட்டத்தில் நிற்பார்கள். இன்னொன்று, சர்ச்சுக்குப் போகும் குடும்பம் எஸ்.சி. சான்றிதழ் வைத்திருந்தால், மதம் கேட்பது பிள்ளையின் உதவித்தொகையில் கைவைப்பது போலத்தான் அவர்களுக்குத் தோன்றும். அந்தப் பயத்தைக் கொடுக்க ஒரு குடிநீர்க் கணக்கெடுப்புக்கு உரிமை இல்லை.

கேள்வியையே மாற்றினோம்: "சான்றிதழில் இருப்பது வேண்டாம். ஊரில் உங்கள் குடும்பத்தை எந்தப் பிரிவாகப் பார்க்கிறார்கள்?" அட்டையில் ஒரு வரி, "பட்டியல் சாதி, மதம் எதுவானாலும்". கடைசி வரி, "சொல்ல விருப்பமில்லை". மதக் கேள்வி நீங்கியது. பள்ளிச் சேர்க்கை, வீட்டு வாடகை போன்றவற்றை ஆராய்ந்தால் மதம் கட்டாயம் வேண்டியிருக்கும், குறிப்பாக முஸ்லிம் குடும்பங்களின் அனுபவம் அது இல்லாமல் தெரியாது. இங்கே அதற்கு வேலை இல்லை.

சாதிக் கேள்வியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினோம். "ஒரு பிரிவுக்கு மட்டும் தண்ணீர் குறைகிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறோம், பெயரோடு சேர்க்க மாட்டோம்" என்று முன்னால் சொல்லச் சொன்னோம். அப்படியும் ஒரு தவறு நடந்தது. ஒருவர் கொண்டுவந்த 40 தாளில் ஒன்றில்கூட "விருப்பமில்லை" இல்லை, மற்றவர்களிடம் நாலைந்து இருந்தன. விசாரித்தால், பெயரையும் தெருவையும் பார்த்து அவரே நிரப்பியிருக்கிறார். அந்த 40 வீட்டிலும் சாதிப் பதிலை வெற்றாக்கிவிட்டு, வேறொருவரை மறுபடி அனுப்பினோம்.

அட்டவணை அச்சிடும்போது இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பழங்குடி வீடுகள் மூன்றே மூன்று, எல்லாம் ஒரே தெருவில். தெருவாரி எண்ணைப் போட்டால், யார் புகார் சொன்னார்கள் என்பது மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். ஐந்து வீட்டுக்குக் குறைவான கட்டங்களை மூடினோம். அந்த மூன்று வீட்டாரிடமும் தனியாகப் போய்க் கேட்டோம். இரண்டு வீட்டார் சம்மதித்தார்கள், அவர்கள் சொன்னதை மட்டும் எண் இல்லாமல் ஒரு பத்தியாகச் சேர்த்தோம்.