யூடியூப் விவரிப்பின் அடிக்குறிப்பு: தானாக நிரம்பட்டுமா, கையால் ஒட்டலாமா?

யூடியூப் ஸ்டுடியோவின் 'Upload defaults' பகுதியில் லிங்குகள், பொறுப்புத் துறப்பு, சமூக வலைதளக் கணக்குகள் எல்லாவற்றையும் ஒருமுறை எழுதி வைத்தால், கணினி உலாவியில் பதிவேற்றும் ஒவ்வொரு புது வீடியோவின் விவரிப்பிலும் அவை தானாக வந்து நிற்கும். எதுவும் விட்டுப்போகாது. ஆனால் பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருப்பதால், சுருக்கத்தை அவசரத்தில் அடியில் எழுதிவிடுவோம். தேடலில் தெரிவதோ முதல் ஓரிரு வரிகள்தான். அங்கே "என்னைப் பின்தொடர" என்று நின்றால், வீடியோ எதைப் பற்றியது என்று யாருக்குத் தெரியும்?

அடிக்குறிப்பைத் தனிக் கோப்பில் வைத்துக் கையால் ஒட்டினால், சுருக்கத்தை முதலில் எழுதும் பழக்கம் வரும். ஆனால் பழைய நகலை ஒட்டிவிடும் ஆபத்து உண்டு.

எனக்குத் தானாக நிரம்புவதே சரி, இந்த அமைப்பில்:

```
[சுருக்கம் 2 வரி]
[விளம்பர அறிவிப்பு]

———
லிங்குகள்
கணக்குகள்
பொதுத் துறப்பு
```

கமிஷன் தரும் லிங்க் இருந்தால் அந்த அறிவிப்பு கோட்டுக்கு மேலேதான் இருக்க வேண்டும். "மேலும்" என்பதை அழுத்தாதவர் கண்ணுக்கும் அது பட வேண்டும். வெளியிடும் முன் சதுர அடைப்புக்குறி எதுவும் மிச்சமில்லையே என்று பாருங்கள். அப்புறம், இந்த அமைப்பை மாற்றினாலும் பழைய வீடியோக்கள் மாறாது. அவற்றைத் தனியாகத் திருத்த வேண்டும்.