கேள்விக்குக் கீழே பதிலா, கதைக்குள் பதிலா: ஒரு கொடைக்கானல் விடுதிப் பக்கத்தின் மூன்று வடிவங்கள்

கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்தும் நண்பர் ஒருவருடைய இணையப் பக்கத்தை, வாய்விட்டுக் கேட்டால் கைபேசி பதிலை உரக்கப் படித்துக் காட்டும் குரல்வழித் தேடலுக்கு ஏற்பத் திருத்தும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. பழைய நடையை அப்படியே விட்டுவிடலாம். பழைய நடையை வைத்துக்கொண்டு பக்கத்தின் அடியில் கேள்வி-பதில் தொகுப்பு ஒன்றைச் சேர்க்கலாம். அல்லது ஒவ்வொரு துணைத்தலைப்பையும் கேள்வியாக்கி, அதை அடுத்த முதல் பத்தியிலேயே சுருக்கமான நேரடிப் பதிலைத் தரலாம்.

பழைய நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பனிமூட்டத்தில் தொடங்கி கோக்கர்ஸ் வாக் வரை நடந்து, நான்காம் பத்தியில்தான் அது இ-பாஸ் விஷயத்துக்கு வந்தது. படிப்பதற்கு இனிமையான நடைதான். ஆனால் உரக்கப் படிக்க ஒரு துண்டைத் தேடும் இயந்திரத்துக்கு அதில் தனியாக எடுக்கத்தக்க வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் வழியை நண்பர் விரும்பியதற்குக் காரணம், இது கேள்வி-பதில் பகுதி என்று தேடுபொறிக்கு உணர்த்தும் `FAQPage` என்னும் குறியீட்டைச் சேர்த்தால் கூகுள் தேடல் முடிவுகளில் கேள்விகள் விரிந்து தோன்றும் என்று யாரோ சொல்லியிருந்ததுதான். அது ஒரு காலத்தில் உண்மை. 2023 ஆகஸ்டில் கூகுள் அந்தத் தோற்றத்தை நன்கறியப்பட்ட அரசுத் தளங்களுக்கும் உடல்நலத் தளங்களுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டதால், ஒரு விடுதிக்கு அதனால் பயனில்லை. மேலும், பக்கத்தின் அடியில் ஒரு பதிலும் முதன்மைப் பகுதியில் வேறொரு பதிலுமாக ஒரே செய்தி இரண்டு இடங்களில் இருந்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று மறந்துபோகும்.

ஆகவே மூன்றாம் வழியையே தேர்ந்தோம். ஆனால் முதல் முயற்சி தவறிப்போயிற்று. "கொடைக்கானல் செல்ல இ-பாஸ் வேண்டுமா?" என்ற தலைப்பின் கீழ், "ஆம், கட்டாயம். இதை இங்கே பெறலாம்" என்று எழுதியிருந்தேன். தலைப்பை மறைத்துவிட்டு, பத்தியை மட்டும் கைபேசியின் உரக்கப் படிக்கும் வசதியில் கேட்டபோதுதான் குறை தெரிந்தது: எது கட்டாயம், எங்கே பெறுவது என்று ஒன்றும் விளங்கவில்லை. பதில் தலைப்பிலிருந்து பிரிந்து ஒலிக்கக்கூடும் என்பதால், கேள்வியின் பொருள் பதிலுக்குள்ளேயே மீண்டும் வர வேண்டும். திருத்திய வடிவம் இது:

"கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வரும் வெளியூர்ப் பயணிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பெறலாம். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை."

இதில் 18 சொற்கள். ஆங்கிலத்தில் 40 முதல் 50 சொற்கள் என்று வழங்கும் அளவைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிவிடுவதால், அதே செய்தி நம்மிடம் குறைந்த சொற்களில் அடங்கிவிடும். `epass.tnega.org` என்ற முகவரியையும், 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இந்த நடைமுறை வந்த விவரத்தையும் இரண்டாம் பத்திக்குத் தள்ளினோம், ஏனெனில் இணைய முகவரியைக் குரலில் கேட்டுக் குறித்துக்கொள்பவர் எவருமில்லை. "ரூ.", "கி.மீ." போன்ற சுருக்கங்களும் அடைப்புக்குறிகளும் அதே காரணத்தால் முதல் பத்தியிலிருந்து நீங்கின.

இன்னொரு பிழை நுட்பமானது. "குறிஞ்சி எப்போது பூக்கும்?" என்பதற்கு "12 ஆண்டுகளுக்கு ஒருமுறை" என்று எழுதியிருந்தோம். அது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதற்கான பதில். கேட்பவருக்கு வேண்டியது ஆண்டு. "கொடைக்கானலில் நீலக்குறிஞ்சி கடைசியாகப் பெருமளவில் பூத்தது 2018-இல், அடுத்து 2030-இல் எதிர்பார்க்கலாம்" என்று மாற்றினோம்.

தலைப்பின் மொழியில் மட்டும் எனக்கு இன்னும் முழு நிறைவில்லை. மக்கள் "ஈபாஸ் வேணுமா" என்றுதான் கேட்கிறார்கள். அப்படியே எழுதினால் பக்கம் அரட்டைபோல் ஆகிவிடும். "வேண்டுமா" என்பது பேச்சுக்கு அருகிலும் எழுத்துக்கு உறுத்தாமலும் இருக்கிறது; "அவசியமாகிறதா" என்பதை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

இவ்வழியின் இழப்பையும் சொல்ல வேண்டும். பதில் காதிலேயே கிடைத்துவிட்டால் பக்கத்துக்கு வருகை குறையலாம். எந்தத் தேடலில் பக்கம் தோன்றியது என்று தள உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல், குரல்வழிக் கேள்விகளைத் தனியே பிரித்துக் காட்டுவதில்லை என்பதால், அந்த இழப்பை நேராக அளக்கவும் இயலாது. அங்குள்ள தேடற்சொல் வடிகட்டியில் regex என்ற தெரிவை எடுத்து, கீழுள்ளபடி கேள்விச் சொற்களை மட்டும் இட்டு, திருத்தத்துக்கு முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிடுவதே மிஞ்சும் வழி.

```
எப்போது|எப்படி|எவ்வளவு|வேண்டுமா|வேணுமா
```

விடுதியைச் சுற்றியுள்ள தோட்டத்தின் வருணனையை மட்டும் கேள்வியாக்காமல் பழைய நடையிலேயே விட்டுவைத்தோம். அதை யாரும் கைபேசியிடம் கேட்கப்போவதில்லை.