பிரஸ்ஸில் விரல் போனது: இரண்டு அறிக்கைகள்

உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ்ஸில் ஒருவரின் விரல் நசுங்குகிறது. கை உள்ளே போகாமலிருக்க இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டிய இரு பட்டன்களில் ஒன்று டேப் ஒட்டி அழுத்தியே வைக்கப்பட்டிருந்தது.

முதல் வகை அறிக்கை ஒரே பக்கம்தான்: "தொழிலாளியின் கவனக்குறைவு. மெமோ, மறுபயிற்சி." டேப்பைப் பிய்த்தால் கோப்பு மூடப்படும்.

இரண்டாவது வகை, டேப் ஏன் வந்தது என்று கேட்கிறது. வடிவம் கொடுக்கும் அச்சான டையிலிருந்து பாகத்தைத் தள்ளும் எஜெக்டர் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. பாகம் சிக்கிக்கொள்வதால் ஒரு கையால் எடுத்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. பழுது கேட்டு எழுதிய சீட்டு கிடப்பில். உற்பத்தி இலக்கோ குறையவில்லை. அடுத்த ஷிப்டிலும் அதே டேப், சூப்பர்வைசர் தினமும் பார்த்ததுதான். இன்னொருவரை அங்கே நிறுத்தினாலும் இதையே செய்திருப்பார் என்றால், காரணம் ஆளிடம் இல்லை.

இன்னும் ஆழமாகப் போனால் கட்டுப்பாட்டுச் சுற்றே தவறு. சரியான இருகை ரிலே, இரு பட்டனும் 0.5 விநாடிக்குள் அழுத்தப்பட்டால்தான் ஓட்டும். இரண்டையும் விட்டால்தான் அடுத்த சுழற்சி. அதில் டேப் பலிக்காது.

என் வாக்கு இரண்டாவதற்கே. இதற்கு நாள் பிடிக்கும், மேலாளர்களின் முடிவுகளும் வெளியே வரும். முதல் வகை அறிக்கை இன்னும் பிழைத்திருப்பது அதனால்தான் போலும். மெமோ கிடைக்கும் என்று தெரிந்தால் டேப் ஒட்டியதை யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஆகவே பேட்டி எடுப்பவரும் தண்டிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது.